ஒரு கிண்ணம் தயிர் சாதத்தின் மேக்ரோ கணக்கு: தாளிப்பு எண்ணெய், பால், பழம் எல்லாம் சேர்த்து

கலோரியோடு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்ற மூன்று மேக்ரோக்களையும் சேர்த்துச் சாப்பாட்டுக் கணக்கு எழுதத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் உணவுகளில் தயிர் சாதமும் ஒன்று. இட்லியை எண்ணிவிடலாம், முட்டையையும் எண்ணிவிடலாம். தயிர் சாதம் அப்படியல்ல. கைப்பேசிச் செயலியில் ‘தயிர் சாதம், ஒரு கிண்ணம்’ என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல எண்கள் வரும். அவற்றில் எதுவும் உங்கள் வீட்டுச் சாதத்தைப் பற்றியது அல்ல. உங்கள் வீட்டில் எத்தனை தண்ணீர் வைத்துக் குழைய விட்டார்கள், நீலப் பாக்கெட் பாலா ஆரஞ்சுப் பாக்கெட் பாலா, தாளிக்கும் கரண்டியில் எண்ணெய் எதுவரை நின்றது என்பதெல்லாம் அந்த எண்ணை எழுதியவருக்குத் தெரியாது.

வேலூர்ப் பக்கம் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கோடை வெயிலில் காலையில் தயிர் விட்டுப் பிசைந்த சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். அதனால் டப்பாவில் கட்டிக் கொடுப்பவர்கள் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் குறைத்துத்தான் பிசைவார்கள். அதன்மேல் மாதுளை, திராட்சை என்று கிடைக்கும் பழத்தைத் தூவுவதும் வழக்கம். ஆகவே சாதம், பால், தயிர், எண்ணெய், பழம் ஆகிய ஐந்தும் கணக்கில் வர வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றே ஒன்று. கிண்ணத்தைக் கணக்கிடாதீர்கள், பாத்திரத்தைக் கணக்கிடுங்கள். பாத்திரத்துக்குள் என்னென்ன போனது என்பதை எழுதி, முடிவில் மொத்த எடையைப் பார்த்து, கிண்ணத்துக்கு எடையின்படி பிரித்துக்கொள்ளுங்கள். பழத்தை மட்டும் பாத்திரத்தில் சேர்க்காமல் கிண்ணத்தில் தனியாகக் கணக்கிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு வேண்டும். வாங்கும்போது அது எத்தனை கிலோ வரை தாங்கும் என்று பாருங்கள். சாதத்தோடு பாத்திரத்தையும் அதன்மேல்தான் வைக்கப் போகிறோம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் தராசு கெடும். ஒரு மரப்பலகையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள்.

தயிர் சாதம் பிசையும் பாத்திரத்தைக் காலியாக ஒருமுறை நிறுத்து, அந்த எடையை எழுதி வையுங்கள். இதை மறந்துவிட்டால் சாதம் தீரும் வரை காத்திருக்க வேண்டிவரும். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அழியாத பேனாவால் எடையையும் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

முதல் படி: அரிசியை வேகும் முன்பே நிறுங்கள்

தவறுகளில் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

நூறு கிராம் பச்சரிசியிலோ புழுங்கலரிசியிலோ சுமார் 350 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம், அரை கிராம் கொழுப்பு இருக்கும். ஆரணி பொன்னியானாலும் கிச்சிலி சம்பாவானாலும் வீட்டுக் கணக்குக்கு இந்த எண்கள் போதும். வேகும்போது அரிசியில் சேர்வது தண்ணீர் மட்டுமே. தண்ணீரில் கலோரி இல்லை. எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

செயலிகளில் ‘வெந்த சாதம்’ என்று போட்டால் நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி என்று வரும். அது பதமாக, உதிரியாக வெந்த சாதத்துக்குப் பொருந்தும். அந்தச் சாதம் அரிசியின் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்குதான் இருக்கும். தயிர் சாதத்துக்கு நாம் அரிசியைப்போல் நாலு மடங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு மசிக்கிறோம். அப்படிக் குழைந்த சாதம் அரிசியைவிட நாலரை மடங்குக்கு மேலும் எடை இருக்கும். அதில் நூறு கிராமுக்கு 75 கலோரி அளவுதான். குழைந்த சாதத்தை நிறுத்து 130 என்ற எண்ணால் பெருக்கினால், சாப்பிட்டதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எழுதிவிடுவீர்கள். பிறகு ‘கணக்குப்படி நிறையச் சாப்பிடுகிறேன், ஆனாலும் பசிக்கிறது’ என்று குழம்ப நேரும்.

அரிசியை வேகும் முன்பே நிறுத்துவிட்டால் இந்தக் குழப்பம் முழுவதும் போய்விடும். பழைய அரிசி அதிகத் தண்ணீர் இழுத்தாலும், புது அரிசி சீக்கிரம் குழைந்தாலும் கவலையில்லை. தினமும் நிறுக்க முடியாதவர்கள், தங்கள் வீட்டு அளவு டம்ளரில் தலைதட்டிய அரிசியை ஒருமுறை நிறுத்து எழுதிக்கொண்டால், பிறகு டம்ளர் கணக்கே போதும்.

கஞ்சி வடிக்கும் வீடுகளில் மட்டும் ஒரு சிறு மாற்றம் உண்டு. வடித்த கஞ்சியோடு மாவுச்சத்தில் ஒரு பங்கு வெளியேறிவிடும். ஆகவே அரிசி எடையை வைத்துப் போட்ட கணக்கு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தயிர் சாதத்துக்குப் பெரும்பாலும் குக்கரில் வைத்து முழுத் தண்ணீரையும் இழுக்கவிடுவதால் இந்தத் தொந்தரவு வராது.

இரண்டாம் படி: பாலையும் தயிரையும் ஒன்றாகக் கூட்டுங்கள்

புதிதாகக் கணக்கெழுதுபவர்கள் பாலுக்கு ஒரு வரி, தயிருக்கு வேறொரு வரி என்று தேடிச் சிரமப்படுகிறார்கள். ஒரே பாலில் தோய்த்த தயிர் என்றால் அந்தச் சிரமம் தேவையில்லை. பால் தயிராகும்போது அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி புளிப்பு அமிலமாக மாறுகிறது. புரதமும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. ஒரு கிண்ணத்தில் அந்த வேறுபாடு ஒரு கிராம் மாவுச்சத்து அளவுக்குள் அடங்கிவிடும். எனவே முக்கால் பங்கு பாலும் கால் பங்கு தயிருமாகப் பிசைந்தாலும், முழுக்கத் தயிராகவே பிசைந்தாலும், மதியத்துக்குள் டப்பாவில் பால் தோய்ந்து தயிரானாலும் கணக்கு ஒன்றுதான். மாறுவது சுவை மட்டும்.

கணக்கை மாற்றுவது பாக்கெட்டின் நிறம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். நூறு கிராமுக்குப் புரதம் மூன்றிலும் 3 கிராமுக்குச் சற்று மேல். மாவுச்சத்து 5 கிராமை ஒட்டி. அப்படிப் பார்த்தால் நீலத்தில் நூறு கிராமுக்குச் சுமார் 60 கலோரி, பச்சையில் 73, ஆரஞ்சில் 87. வேறு நிறுவனப் பாலானால் பாக்கெட்டில் அச்சிட்ட கொழுப்பு அளவைப் பாருங்கள். கறந்த பசும்பால் வாங்குபவர்கள், தண்ணீர் கலக்காத பால் என்றால், பச்சைப் பாக்கெட்டின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

பாலைக் காய்ச்சும் முன் அளப்பது நல்லது. அடுப்பில் கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர்தான். சத்து அப்படியே தங்குகிறது. அரை லிட்டர் பால் சுண்டி 450 மில்லி ஆகி, அதை முழுக்கச் சாதத்தில் ஊற்றினால் அரை லிட்டர் என்றே எழுதுங்கள். மேலே படியும் ஏட்டை எடுத்துத் தனியே வைத்துவிடுபவர்களுக்குக் கொழுப்பு குறையும். அதைக் கழிக்க முயலாதீர்கள். கணக்கு சற்றுக் கூடுதலாக இருந்தால் நட்டமில்லை. மசிக்கும்போது வெண்ணெய் சேர்க்கும் வீடுகளில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து கிராம் வெண்ணெய் 70 கலோரிக்கு மேல். கரைந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது.

மூன்றாம் படி: எண்ணெய்க்குச் சீசாவை நிறுங்கள்

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் இல்லை. நெய்யும் ஏறக்குறைய அதேதான். ஐந்து மில்லி பிடிக்கும் சிறு ஸ்பூன் ஒன்றில் நாலரை கிராம் எண்ணெய், அதாவது சுமார் 41 கலோரி.

சிக்கல் ‘ஸ்பூன்’ என்ற சொல்லில் இருக்கிறது. எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் ஸ்பூன் சில வீடுகளில் ஐந்து மில்லி பிடிக்கும், சில வீடுகளில் பத்து மில்லி பிடிக்கும். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று சமைத்தவரைக் கேட்டால் இரண்டு ஸ்பூன் என்பார். அது ஒன்பது கிராமாகவும் இருக்கலாம், பதினெட்டு கிராமாகவும் இருக்கலாம். அவரைக் கேட்பதைவிடச் சீசாவைக் கேட்பது மேல். தாளிக்கும் முன் எண்ணெய்ச் சீசாவை நிறுங்கள். தாளித்தபின் மறுபடி நிறுங்கள். குறைந்ததே ஊற்றியது. சமைப்பவர் தன் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அடுப்பருகில் அளவு ஸ்பூனோடு நின்று அவருக்குத் தொல்லை கொடுக்கவும் வேண்டாம்.

அதே கரண்டியில் மோர் மிளகாயையும் பொரித்துவிட்டு, மீந்த எண்ணெயில் கடுகு தாளித்துச் சாதத்தில் கொட்டுவது பல வீடுகளில் உண்டு. அப்போது மிளகாய் குடித்த எண்ணெயும் சீசாக் கணக்கில் வந்துவிடும். யாராவது ஒருவர் அந்த மிளகாயைக் கடித்துச் சாப்பிடத்தான் போகிறார் என்பதால் அதைப் பிரிக்க வேண்டாம்.

கடுகும் உளுத்தம்பருப்பும் சேர்ந்து ஒரு பாத்திரத்துக்கு முப்பது, நாற்பது கலோரிதான். பெருங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை எழுதவே வேண்டாம். முந்திரி போட்டால் எழுதுங்கள். பத்து முழு முந்திரி 15 கிராம் அளவு, 85 கலோரிக்கு மேல். அது சாதத்தில் சமமாகப் பரவுவதும் இல்லை. முந்திரியைத் தேடி எடுக்கும் பழக்கமுள்ளவர், எண்ணிப் போட்டுக்கொண்டு தன் கிண்ணத்தில் எழுதுவதே சரி.

தாளிப்பைக் கொட்டியதும் நன்றாகக் கிளறுங்கள். மேலாகக் கொட்டி அப்படியே பரிமாறினால் முதல் கிண்ணத்தில் எண்ணெய் மிதக்கும். அடியில் எடுப்பவருக்கு ஒன்றும் வராது. எடையின்படி பிரிப்பது, எல்லா இடத்திலும் ஒரே கலவை இருந்தால்தான் செல்லும்.

ஒரு பாத்திரம், முழுக் கணக்கு

ஐந்து பேருக்கான ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி 200 கிராம், தண்ணீர் 800 மில்லி, நீலப் பாக்கெட் பால் 400 மில்லி, அதே பாலில் தோய்த்த தயிர் 150 கிராம். எண்ணெய்ச் சீசா தாளிக்கும் முன் 742 கிராம், பின் 724 கிராம். ஆக எண்ணெய் 18 கிராம். உளுத்தம்பருப்பு ஆறு கிராம், கடுகு மூன்று கிராம்.

அரிசியிலிருந்து 700 கலோரி, மாவுச்சத்து 156 கிராம், புரதம் 16, கொழுப்பு 1. பாலும் தயிருமாகச் சுமார் 550 கிராம்; அதிலிருந்து 330 கலோரி, மாவுச்சத்து 26, புரதம் 17 அல்லது 18, கொழுப்பு 16.5. எண்ணெயிலிருந்து 162 கலோரி, கொழுப்பு மட்டும் 18. பருப்பும் கடுகும் 35 கலோரி, மாவுச்சத்து 4, புரதம் 2, கொழுப்பு 1.

மொத்தம் சுமார் 1,225 கலோரி, மாவுச்சத்து 186 கிராம், புரதம் 36, கொழுப்பு 36.5. கூட்டல் சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. மாவுச்சத்தையும் புரதத்தையும் நாலால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால் பெருக்குங்கள், மூன்றையும் கூட்டுங்கள். இங்கே 1,216 வருகிறது. பத்துப் பதினைந்து கலோரி வேறுபாடு, எண்களை முழுமையாக்கியதால் வருவது. நூறு, இருநூறு என்று வேறுபட்டால் எங்கோ ஒரு வரியைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது எண்ணெய் வரியாக இருக்கும்.

இப்போது பாத்திரத்தைத் தராசில் வையுங்கள். சாதத்தோடு 2,120 கிராம் காட்டுகிறது. காலிப் பாத்திரம் 620. ஆக, தயிர் சாதம் 1,500 கிராம். நூறு கிராமுக்கு 82 கலோரி. ஒருவர் 300 கிராம் எடுத்துக்கொண்டால் அவருடைய கிண்ணத்தில் 245 கலோரி, மாவுச்சத்து 37 கிராம், புரதம் 7, கொழுப்பு 7 கிராமுக்குச் சற்று மேல்.

கிண்ணத்தின் கொழுப்பில் பாதி தாளிப்பிலிருந்து வந்தது, கிட்டத்தட்ட மறுபாதி பாலிலிருந்து. நீலப் பாலுக்குப் பதில் ஆரஞ்சுப் பாலில் செய்திருந்தால் கிண்ணத்துக்கு மூன்று கிராம் கொழுப்பு, 30 கலோரி கூடியிருக்கும். தாளிக்கும் எண்ணெயை இரட்டிப்பாக்கினாலும் ஏறக்குறைய அதே அளவுதான் கூடும். இரண்டையும் ஒருசேரச் செய்தால் 245 என்பது 300 ஐத் தாண்டிவிடும். நாக்குக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்கள் நீலப் பாலையே வைத்துக்கொண்டு எண்ணெயைப் பத்து கிராமுக்குக் கொண்டுவரலாம். கடுகு பொரிய அது போதும்.

புரதம் ஏழு கிராம்தான் என்பது பலரை ஏமாற்றமடையச் செய்யும். தயிர் நிறைய இருப்பதால் புரதம் நிறைய இருக்கும் என்று எண்ணுகிறோம். இந்தப் பாத்திரத்தில் இன்னும் 300 கிராம் தயிரைச் சேர்த்தாலும் ஐந்தாகப் பிரிக்கும்போது ஆளுக்கு இரண்டு கிராம்கூடக் கூடாது. புரதம் வேண்டியவர்கள் பக்கத்தில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொள்வதே பலன் தரும். அதில் இன்னொரு ஏழு கிராம் கிடைக்கும்.

நான்காம் படி: பழத்தைக் கிண்ணத்தில் நிறுங்கள்

பழத்தைப் பாத்திரத்தில் கலந்துவிட்டால் யாருக்கு எத்தனை மாதுளை முத்து போனது என்று தெரியாது. குழந்தைகளுக்குப் பழம் நிறைய வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குக் குறைவாக வேண்டும். தவிர, திராட்சையும் மாம்பழமும் சாறு விட்டுச் சாதத்தைச் சீக்கிரம் புளிக்க வைக்கும். அதனால் சாதக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, மேலே பழத்தைத் தூவுங்கள். தராசு காட்டுவதே பழத்தின் எடை.

உரித்த மாதுளை முத்து நூறு கிராமுக்கு 80 கலோரியை ஒட்டி, மாவுச்சத்து 19 கிராம். அதில் நாலு கிராம் நார்ச்சத்து. திராட்சை 70 கலோரி, மாவுச்சத்து 18. மாம்பழத் துண்டு 60 கலோரி, மாவுச்சத்து 15. விதையுள்ள பன்னீர் திராட்சையை விதை நீக்கிவிட்டு நிறுங்கள். உலர் திராட்சையை இவற்றோடு சேர்க்காதீர்கள். தண்ணீர் வற்றியதால் அது நூறு கிராமுக்கு 300 கலோரி.

மேலே சொன்ன 300 கிராம் கிண்ணத்தில் 40 கிராம் மாதுளையும் 30 கிராம் திராட்சையும் தூவினால் கலோரி 245 இலிருந்து 300 ஆகிறது. கொழுப்பும் புரதமும் அசையவில்லை என்றே சொல்லலாம். ஆனால் மாவுச்சத்து 37 இலிருந்து 50 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மொத்தக் கலோரியை மட்டும் பார்ப்பவருக்கு இது சின்ன மாற்றம். வேளைக்கு இத்தனை கிராம் மாவுச்சத்து என்று மருத்துவர் வரம்பு வைத்திருப்பவருக்கு இதுதான் முக்கியமான வரி. அவர் பழம் வேண்டுமென்றால் சாதத்தில் நூறு கிராம் குறைத்துக்கொண்டு இந்த எழுபது கிராம் பழத்தைச் சேர்க்கலாம். மாவுச்சத்து மறுபடி 37, 38 என்று வந்து நிற்கும்.

டப்பாவும் ஓட்டல் பொட்டலமும்

காலையில் தளரப் பிசைந்து டப்பாவில் வைத்தது மதியம் இறுகிப்போகும். சாதம் பாலை இழுத்துக்கொண்டதே காரணம். மூடிய டப்பாவில் எடை குறையவில்லை, கணக்கும் மாறவில்லை. ஆகவே கணக்கைக் காலையில் டப்பாவில் போடும்போதே நிறுத்து எழுதிவிடுங்கள். மதியம் பார்த்து, ‘கிண்ணம் முக்கால்தான் இருக்கிறது’ என்று குறைத்து எழுதுவது தவறு. இறுகியதைத் தளர்த்த மேலும் பால் ஊற்றினால் அதைத் தனியே சேர்க்க வேண்டும். அரை டம்ளர் நீலப் பால், அதாவது 100 மில்லி, 60 கலோரி. தண்ணீரோ நீர் மோரோ விட்டுத் தளர்த்தினால் விட்டுவிடலாம்.

ஓட்டலில் வாங்கும் தயிர் சாதத்துக்கு வீட்டு எண்ணைப் போடாதீர்கள். காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வாரத்தில் சில வேளை அதுதான் சாப்பாடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் சாதம் பெரும்பாலும் இவ்வளவு குழைவாக இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு வடித்த சாதத்திலேயே பிசைந்துவிடுவார்கள். நூறு கிராம் அரிசி 300 கிராம் சாதமாகி, அதில் 150 கிராம் பாலும் தயிரும், பத்து கிராம் எண்ணெயும் சேர்ந்ததாகக் கொண்டால் 460 கிராமில் 530 கலோரி. நூறு கிராமுக்கு 115. மாவுச்சத்து 18 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு 3, புரதம் 3 கிராமை ஒட்டி. பொட்டலத்தை நிறுத்து இந்த எண்ணால் பெருக்குங்கள். 350 கிராம் பொட்டலம் என்றால் 400 கலோரி என்று எழுதலாம். இலையிலோ தாளிலோ எண்ணெய்க் கறை அகலமாகப் படிந்திருந்தால் இன்னும் 50 கலோரி சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே வைத்த ஊறுகாயில் மேலே நிற்கும் எண்ணெயை வடித்துவிட்டுத் தொட்டுக்கொண்டால் அதற்கென்று தனி வரி தேவைப்படாது.